புதன்கிழமை மூன்று மணி: பிசியோதெரபிக்கு வாராவாரம் பெர்மிஷன் வாங்கிய அனுபவம்

என் பிசியோதெரபி ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம்தான். வாரத்துக்கு ஒரு நாள். இந்த முக்கால் மணி நேரத்துக்கு ஆபீஸில் அனுமதி வாங்கத் தெரியாமல் ஒன்றரை நாள் சி.எல்., ஒரு நாள் சம்பளம், ஒரு மாத அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ், வீட்டுக்கு வந்த தெரபிஸ்டுக்குக் கொடுத்த பணம் என்று நாலாயிரம் ரூபாய்க்கு மேல் இழந்தேன். அதைவிடப் பெரிய இழப்பு மூன்று வாரச் சிகிச்சை. கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற ஆரம்பித்த கை மறுபடி இறங்கிப்போனது. சிகிச்சை ஆரம்பித்த நாளிலேயே யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

கோயம்புத்தூர் குறிச்சி சிட்கோவில் ஒரு சின்னக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வயது 47. 2023 செப்டம்பர் வாக்கில் இடது தோளில் வலி ஆரம்பித்தது. முதலில் பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க முடியவில்லை. அப்புறம் கொண்டை போட முடியவில்லை. நவம்பரில் பின்பக்கம் ஊக்கு மாட்டக்கூட மகளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை தடித்துச் சுருங்கிப்போவதுதான் இது. சர்க்கரை இருப்பவர்களுக்கு அதிகமாக வரும், எனக்கும் சர்க்கரை உண்டு. ஊசி போடலாம், ஆனால் ஸ்டீராய்டு ஊசியால் சில நாளைக்குச் சர்க்கரை ஏறும், உங்களுக்கு ஏற்கெனவே கட்டுப்பாட்டில் இல்லை, அதனால் முதலில் பிசியோதெரபி பார்ப்போம் என்றார். பிசியோதெரபிஸ்ட் அம்மா வாரம் இரண்டு நாள் வரச் சொன்னார். முடியாது என்று கெஞ்சி, வாரம் ஒரு நாள் அவரிடம், மற்ற நாளெல்லாம் வீட்டில் இரண்டு வேளை பயிற்சி என்று முடிவு செய்தோம்.

சாயங்காலம் போயிருக்கலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். அந்த ஆஸ்பத்திரி அவினாசி ரோட்டுப் பக்கம். பிசியோ பிரிவு ஐந்து மணிக்கு மூடிவிடும், சனிக்கிழமை ஒரு மணிக்கு. எங்கள் ஆபீஸ் ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை, சனிக்கிழமை ஒரு மணி வரை. இரண்டும் எங்கேயும் ஒட்டவில்லை. வீட்டுப் பக்கத்தில் ராத்திரி எட்டு வரை திறந்திருக்கும் கிளினிக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே ஒத்தடம் வைத்து, கரண்ட் மெஷின் மாட்டிவிட்டு, இருபது நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தேவைப்பட்டது கையைப் பிடித்து மூட்டை மெதுவாக அசைத்துத் தளர்த்தும் சிகிச்சை. அதை ஆஸ்பத்திரி அம்மாதான் செய்தார்கள். இந்த ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 'ஏன் ஆபீஸ் நேரத்தில்?' என்பதுதான் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி. அதற்குக் காரணத்தோடு ஒரு பதில் வைத்திருந்தால் பேச்சு பாதி முடிந்த மாதிரி.

நான் செய்த முதல் தப்பு, மேனேஜரிடம் வாயால் கேட்டு வாயால் பதில் வாங்கியது. "சார், திங்கக்கிழம திங்கக்கிழம காலைல தெரபிக்குப் போய்ட்டு வந்துர்றேன்" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "போய்ட்டு வாங்கம்மா, உடம்புதான முக்கியம்" என்றார். நல்ல மனுஷன், மனதாரத்தான் சொன்னார். நவம்பர் 20-ஆம் தேதி திங்கட்கிழமை முதல் தடவை போனேன். ஒன்பதரைக்கு என் நேரம். ஆனால் வார்டில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துவிட்டு அந்த அம்மா வர பத்து ஆகும். முடிய பத்தே முக்கால். தோள் வலியோடு ஸ்கூட்டி ஓட்ட முடியாது, பஸ்தான். அவினாசி ரோட்டில் அப்போது மேம்பால வேலை வேறு. ஆபீஸில் கைரேகை வைக்கும்போது மணி பதினொன்று நாற்பது.

எங்கள் கம்பெனியில் மாதத்துக்கு இரண்டு பெர்மிஷன், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரம் தாண்டினால் அது பெர்மிஷன் இல்லை, அரை நாள் லீவு. பல கம்பெனிகளில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. ஒன்பதிலிருந்து பதினொன்று நாற்பது என்றால் இரண்டு மணி நாற்பது நிமிஷம். ஆக, நான் பெர்மிஷன் என்று நினைத்துக்கொண்டு போன ஒவ்வொரு திங்கட்கிழமையும் மெஷின் கணக்கில் அரை நாள் லீவு. நவம்பர் 20, 27, டிசம்பர் 4, 11, 18 என்று ஐந்து திங்கட்கிழமை. ஐந்து அரை நாள் சேர்ந்தால் இரண்டரை நாள். வருஷக் கடைசி என்பதால் எனக்கு மிச்சமிருந்த சி.எல். ஒன்றரை நாள்தான். அது கரைந்த பிறகு மீதி ஒரு நாள் எல்.ஓ.பி., அதாவது சம்பளம் இல்லாத லீவு ஆகிவிட்டது.

இது எனக்குத் தெரிந்தது டிசம்பர் மாதப் பே ஸ்லிப்பில். மாதச் சம்பளம் 28,500, முப்பதால் வகுத்து 950 ரூபாய் பிடித்திருந்தார்கள். எல்.ஓ.பி. விழுந்த மாதம் அட்டெண்டன்ஸ் இன்சென்டிவ் கிடையாது, அதில் ஆயிரம் போச்சு. பே ரோல் பார்க்கும் தம்பியிடம் ஓடினேன். அவன் சிஸ்டத்தைத் திருப்பிக் காட்டினான். ஐந்து தேதியிலும் 'Half Day' என்று இருந்தது. "அக்கா, சார் சொன்னது எனக்கு எப்படிக்கா தெரியும்? இதுல ரிக்வெஸ்ட்டே இல்லயே. 25-ஆம் தேதியோட அட்டெண்டன்ஸ் லாக் ஆயிருச்சு, இனிமே என்னால மாத்த முடியாதுக்கா" என்றான். சாரிடம் போனேன். அவர் ஹெச்.ஆரிடம் பேசினார். அவர்கள், முடிந்த மாதத்தைத் திறந்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். யார் மேலும் முழுக் குற்றம் சொல்ல முடியவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன். காசுக்காக மட்டும் இல்லை. இத்தனை வருஷமாக ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவள், மெஷினில் ஒரு மாதத்தில் நாலு நாள் அரை லீவு போட்டவளாகத் தெரிகிறேனே என்று.

அனுமதி கொடுப்பவர் ஒருவர், அதைக் கணக்கில் ஏற்றுபவர் இன்னொருவர் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரு தடவை போகும் பெர்மிஷன் என்றால் மேனேஜரின் வாய்ச்சொல் போதும், மறுநாள் நினைவிருக்கும். வாராவாரம் என்றால் மூன்றாவது வாரம் யாருக்கும் நினைவிருக்காது. பெர்மிஷன் கேட்கும் அன்றைக்கே பே ரோல் பார்ப்பவரிடம் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். இதைச் சிஸ்டத்தில் என்னவென்று போடுவீர்கள்? நான் ஒவ்வொரு தடவையும் ரிக்வெஸ்ட் போட வேண்டுமா, இல்லை ஒரே தடவையா? அட்டெண்டன்ஸ் எந்தத் தேதியில் லாக் ஆகிறது? அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் உங்கள் பதிவைத் திறந்து ஒவ்வொரு வாரமும் என்னவாக விழுந்திருக்கிறது என்று பாருங்கள். தப்பு இருந்தால் அப்போது ஐந்து நிமிஷத்தில் திருத்திவிடலாம். லாக் ஆன பிறகு எனக்கு நடந்ததுதான்.

சட்டத்தில் ஏதாவது இருக்குமா என்றும் விசாரித்தேன். சட்டப்படி கிடைக்கும் விடுப்பெல்லாம் நாள் கணக்கு. அப்போது அமலில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்று விடுப்பு சேர்ந்தது. ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்காலப் பணம் கிடைப்பதும் டாக்டர் சான்று கொடுத்து வேலைக்கே போகாத நாட்களுக்குத்தான். மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் எனக்கு அதுவும் இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் என்பது கம்பெனி மனது வைத்துக் கொடுப்பது. அதனால் உரிமையாகக் கேட்பதைவிட, அவர்கள் 'சரி' என்று சொல்ல எளிதாக இருக்கும் ஒரு ஏற்பாடாகக் கொண்டுபோக வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது.

ஏனென்றால் அதற்கு நடுவில் கோபத்தில் இன்னொரு தப்பு செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். ஜனவரியில் மூன்று வாரம் வீட்டுக்கு ஒரு தெரபிஸ்டை வரவழைத்தேன், ஒரு தடவைக்கு 700 ரூபாய், மூன்று தடவைக்கு 2,100. அவரும் மெஷின்தான் வைத்தார். வலி இருந்ததால் வீட்டுப் பயிற்சியையும் விட்டுவிட்டேன். ஜனவரி 22 அன்று அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்த அம்மா கோணமானி வைத்து அளந்தார்கள். டிசம்பர் 18-ல் கை பக்கவாட்டில் 85 டிகிரி வரை போனது, இப்போது 70. அந்த இரண்டு எண்ணையும் என் சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினார்கள். திட்டவில்லை. "ஏம்மா வரல?" என்று மட்டும் கேட்டார்கள். பெர்மிஷன் பிரச்சினையை அப்போதுதான் முதல் தடவையாக அவர்களிடம் சொன்னேன். "இத மொதல்லயே சொல்லியிருந்தா நேரத்த மாத்திக் குடுத்திருப்பேனே" என்றார்கள்.

மத்தியானம் நாலு மணிக்கு ஒரு இடம் இருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் போனால், சிகிச்சை முடிந்து ஆபீஸுக்குத் திரும்பும் ஐம்பது நிமிஷப் பயணம் ஆபீஸ் நேரத்தில் விழுகிறது. தெரபிஸ்ட் தாமதமாக வந்தாலும் பஸ் தாமதமானாலும் அதுவும் ஆபீஸ் கணக்கில். சாயங்காலம் நாலு மணிக்கு என்றால் மூன்று மணிக்குக் கிளம்பினால் போதும். அப்புறம் எவ்வளவு தாமதமானாலும் அது என் சொந்த நேரம், ஆபீஸுக்குத் திரும்ப வேண்டியதும் இல்லை. மூன்றிலிருந்து ஐந்தரை வரை, இரண்டரை மணி நேரம். காலைக் கணக்கைவிடப் பத்து நிமிஷம்தான் குறைவு, ஆனால் இந்த இரண்டரை மணி நேரம் எந்த வாரமும் மாறாது. மாறாத நேரத்தைத்தான் எழுதிக் கேட்க முடியும். முடிந்தால் சிகிச்சையை நாளின் கடைசியில் வையுங்கள். கேட்கும்போது சிகிச்சை நேரத்தை மட்டும் சொல்லாமல், ஆபீஸ் நாற்காலியை விட்டு எழும் நேரத்திலிருந்து கணக்கிட்டுக் கேளுங்கள். கூச்சப்பட்டு 'ஒரு மணி நேரம்' என்று குறைத்துக் கேட்டால் வாராவாரம் நீங்கள் தாமதமாக வருபவராகத்தான் தெரிவீர்கள்.

கிழமையும் முக்கியம். நான் திங்கட்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று பிறகுதான் புரிந்தது. எங்களுக்குத் திங்கள் காலைதான் பார்ட்டிகளுக்குப் பேமெண்ட் முடிவாகும் நேரம். அந்த நேரத்தில் என் சீட் காலியாக இருந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு என் வேலையின் கெடு தேதிகளைக் குறித்தேன். டி.டி.எஸ். கட்ட 7, ஜி.எஸ்.டி.ஆர்-1-க்கு 11, 3பி-க்கு 20. புதன்கிழமை மத்தியானம்தான் எங்கள் ஆபீஸில் அமைதியான நேரம். பன்னிரண்டு புதன்களில் பிப்ரவரி 7, மார்ச் 20 இரண்டு மட்டும் இடித்தன. பிப்ரவரியில் சலானை ஆறாம் தேதியே கட்டிவிடுவதாகவும், மார்ச் 20-க்குப் பதில் மறுநாள் வியாழக்கிழமை போவதாகவும் முடிவு செய்தேன். அந்த வியாழனுக்கு இடம் உண்டா என்று பிசியோ அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தேன்.

அடுத்தது டாக்டர் கடிதம். முதலில் என்னிடம் இருந்த சீட்டில் பிசியோதெரபி என்று ஒரு வார்த்தைதான் இருந்தது. அதை வைத்து எந்த ஹெச்.ஆரும் எதையும் முடிவு செய்ய முடியாது. டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் நாலு விஷயம் எழுதித் தரச் சொன்னேன்: தோள் மூட்டு இறுக்கத்துக்கு வாரம் ஒரு முறை மேற்பார்வையில் சிகிச்சை தேவை, பன்னிரண்டு வாரம், இந்தப் பிரிவு இந்த நேரத்தில்தான் இயங்கும், மற்ற நேரத்தில் இவர் வழக்கமான வேலையைப் பார்க்கலாம், எடை மட்டும் தூக்கக் கூடாது. கடைசி வரி மிக முக்கியம். அது இல்லாவிட்டால், உடம்பு முடியாதவர் எப்படி வேலை பார்ப்பார் என்ற பேச்சு வரும். சர்க்கரையைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது ஆபீஸுக்குத் தேவையில்லாத தகவல். அறுவை சிகிச்சைக்குப் பிறகான தெரபியோ மனநல ஆலோசனையோ எதுவாக இருந்தாலும் எத்தனை வாரம், எந்த நேரம் என்பதுதான் ஆபீஸ் தெரிந்துகொள்ள வேண்டியது. நோயின் பெயர் எழுதியே ஆக வேண்டுமா என்று கேட்டு, தேவையில்லை என்றால் 'தொடர் சிகிச்சை' என்றே எழுதித் தரச் சொல்லலாம்.

ஜனவரி 22 ராத்திரியே சாருக்கு மெயில் எழுதினேன், ஹெச்.ஆர். மேடத்துக்கும் பே ரோல் தம்பிக்கும் நகல் போட்டு. ஒரு பக்கம்கூட இல்லை. 31-1-2024 முதல் 17-4-2024 வரை பன்னிரண்டு வாரம், புதன்கிழமை மட்டும், மூன்று மணிக்குக் கிளம்ப அனுமதி வேண்டும். குறையும் இரண்டரை மணி நேரத்தை மற்ற நாட்களில் ஈடுகட்டுகிறேன். மார்ச் 20 மட்டும் வியாழனுக்கு மாறும். புதன் மூன்று மணிக்கு மேல் வரும் பார்ட்டி போன்களை இன்னார் பார்த்துக்கொள்வார். அவருக்குச் சனிக்கிழமை வரும் பேங்க் ரீகன்சிலேஷன் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த நேரத்தை அரை நாள் லீவாகக் கணக்கிடாமல் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான். முடியும் தேதியைப் போட்டது எவ்வளவு உதவியது என்று மேடம் பிறகு சொன்னார்கள். "எப்ப முடியும்னு தெரியாததத்தான் நாங்க பயப்படுவோம்" என்றார்கள்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். காலை எட்டரைக்கு வந்து ஈடுகட்டுகிறேன் என்றுதான் நான் எழுதியிருந்தேன். அங்கே இரண்டு இடைஞ்சல். ஆபீஸ் திறப்பதே எட்டே முக்காலுக்கு. அதோடு எங்கள் ஷிப்ட் ஒன்பது மணி என்று சிஸ்டத்தில் இருப்பதால், அதற்கு முன்னால் எத்தனை மணிக்குக் கைரேகை வைத்தாலும் ஒன்பதிலிருந்துதான் எண்ணும். இது தெரியாமல் ஆரம்பித்திருந்தால் மாதம் முழுக்க அதிகாலையில் எழுந்து வந்ததெல்லாம் வீணாகியிருக்கும். கடைசியில் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி ஆறு மணி வரையும், சனிக்கிழமை ஒன்றரை வரையும் இருப்பதாக முடிவானது. ஐந்து அரை மணி நேரம், இரண்டரை மணி நேரம் சரியாகப் போச்சு. ஈடுகட்டும் நேரம் மெஷினில் விழுமா என்று கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேடம் மெயிலிலேயே 'அனுமதிக்கப்பட்டது' என்று பதில் போட்டார்கள். அதைப் பிரிண்ட் எடுத்து டிராயரில் வைத்தேன், போனிலும் ஒரு நகல்.

அந்தப் பிரிண்ட் மார்ச்சில் காப்பாற்றியது. சார் வேறு யூனிட்டுக்குப் போய்விட்டார், புது மேனேஜர் வந்தார். இரண்டாவது புதன்கிழமை நான் பை எடுத்துக்கொண்டு எழும்போது, "என்னம்மா, ஆபீஸ் அஞ்சரைக்குத்தான முடியும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் வாதாடவில்லை. மெயிலைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "ஏப்ரல் 17 வரைக்குமா? சரி, போய்ட்டு வாங்க" என்றார். அவர் வந்த முதல் நாளே நானே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மேல் அதிகாரி மாறினால், அவர் கண்ணில் படுவதற்கு முன்னால் நீங்களே காட்டிவிடுங்கள்.

என் போன்களைப் பார்த்துக்கொண்ட சக ஊழியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும், முதல் இரண்டு வாரம் அவர் முகம் சரியில்லை. சும்மா வெளியே போகிறேன் என்று நினைத்திருக்கலாம். ஒரு நாள் டீ நேரத்தில் கையைத் தூக்கிக் காட்டினேன், தோள் உயரத்துக்கு மேல் போகவில்லை. "இவ்வளவுதான் போகுதாக்கா?" என்று கேட்டார். அதற்கப்புறம் புதன்கிழமை இரண்டே முக்காலுக்கு அவரே நினைவுபடுத்துவார்.

ஒப்புக்கொண்ட பன்னிரண்டு தடவையும் போனேன். அரை மணி நேரப் பாக்கி ஒன்றுகூட வைக்கவில்லை. அட்டெண்டன்ஸ் லாக் ஆகும் முன் ஒவ்வொரு மாதமும் 23-ஆம் தேதி பதிவைச் சரிபார்த்தேன். பிப்ரவரியில் ஒரு புதன் மறுபடி 'Half Day' என்று விழுந்திருந்தது, தம்பி அங்கேயே மாற்றிவிட்டான். மார்ச் 13-ல் கை 110 டிகிரி போனது. ஏப்ரல் 17-ல் 140. இன்னும் கொஞ்ச நாளைக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வாருங்கள் என்றார்கள். அதற்குள் ஸ்கூட்டி ஓட்ட ஆரம்பித்துவிட்டேன். மூன்றரைக்குக் கிளம்பினால் நாலேகாலுக்குள் ஆஸ்பத்திரியில் இருக்கலாம். மூன்றரையிலிருந்து ஐந்தரை சரியாக இரண்டு மணி நேரம், மாதத்துக்கு இரண்டு தடவை. எல்லோருக்கும் உள்ள அதே இரண்டு பெர்மிஷனுக்குள் அடங்கிவிட்டது. புதிதாக யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.